இரண்டு பக்கமும் ஆறு, விடையில் மட்டும் ‘இல்லை’: ஒருபக்க எல்லையில் பிழை தேடும் வழி

செல்லூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் கணக்கு எடுக்கிறேன். எல்லைப் பாடம் நடக்கும் வாரத்தில் நோட்டுகளைத் திருத்தினால் அதே நாலைந்து பிழைகள்தான் ஆள் மாறி ஆள் வரும். விடை தப்பு என்பது பின்பக்கம் புரட்டினாலே தெரிந்துவிடுகிறது. எந்த வரியில் தப்பியது என்பதுதான் பிடிபடுவதில்லை. அதனால் அறிகுறியைக் கொண்டு தேடுகிற மாதிரி இதை எழுதுகிறேன். உங்கள் நோட்டில் எது நடந்ததோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம். முதல் கணக்கை மட்டும் எல்லோரும் பார்த்துவிடுங்கள், பின்னால் வருவதெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது.

அறிகுறி: “முதல் வரி x < 5-க்குத்தானே, அதில் எப்படி சார் 5 போடுவது?”

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு வியாபாரி இப்படி விலை சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கிலோவுக்குக் கீழே வாங்கினால் மல்லி கிலோ 600 ரூபாய். ஐந்து கிலோவும் அதற்கு மேலும் என்றால் மொத்தத்துக்கும் கிலோ 500. (முகூர்த்த நாளில் இந்த விலைக்கெல்லாம் மல்லி கிடைக்காது. கணக்குக்காகச் சொல்கிறேன்.) x கிலோவுக்குக் கொடுக்கவேண்டிய பணம்:

```
f(x) = 600x ,  0 < x < 5
     = 500x ,  x ≥ 5
```

x = 5-இல் இடப்பக்க எல்லை என்ன? ஐந்துக்கு இடப்பக்கம் என்றால் ஐந்தைவிடச் சிறிய எண்கள். அங்கே ஆட்சி செய்வது முதல் வரி. 4.9 கிலோவுக்கு 2940 ரூபாய், 4.99-க்கு 2994, 4.999-க்கு 2999.40. பணம் 3000-ஐ நோக்கிப் போகிறது. அதைத்தான் 600 × 5 = 3000 என்று ஒரே வரியில் எழுதுகிறோம்.

இங்கேதான் அந்தக் கேள்வி வருகிறது, நல்ல கேள்வியும்கூட. முதல் வரி ஐந்துக்குப் பொருந்தாது என்பது உண்மை. ஆனால் நாம் 5 போட்டுக் கண்டுபிடிப்பது f(5)-ஐ அல்ல. 600x என்ற பல்லுறுப்புக்கோவை, x ஐந்தை நெருங்கும்போது எங்கே போய்ச் சேரும் என்று பார்க்கிறோம். பல்லுறுப்புக்கோவை எங்கும் உடையாது; அது போய்ச் சேரும் இடமும் அதில் 5 போட்டால் வரும் மதிப்பும் ஒன்றுதான். அதனால் அந்தக் குறுக்குவழி செல்லுபடியாகிறது. கீழே பகுதி உள்ள வரியில் 5 போட்டு 0/0 வந்தால் குறுக்குவழி அடைபட்டுவிடும், அப்போது வேறு வேலை செய்யவேண்டும். அது பின்னால் வருகிறது.

வலப்பக்கம்: 5.01 கிலோவுக்கு 2505, 5.001-க்கு 2500.50. வலப்பக்க எல்லை 2500. இடது 3000, வலது 2500. இரண்டும் சேரவில்லை. ஆகவே x → 5 எனும்போது எல்லை இல்லை. (4.9 கிலோ கேட்பவரிடம் “அஞ்சாவே வாங்கிக்கங்க, உங்களுக்குத்தான் லாபம்” என்று சொல்கிற பூக்காரம்மாவுக்கு இந்த 500 ரூபாய் குதிப்பு நன்றாகவே தெரியும்.)

இப்போது ஒரு சின்ன மாற்றம் செய்து பாருங்கள். சமக்குறியை மேல் வரிக்கு மாற்றி, x ≤ 5-க்கு 600x, x > 5-க்கு 500x என்று எழுதுங்கள். f(5) 2500-இலிருந்து 3000-க்கு மாறிவிடும். இடப்பக்க எல்லை? அதே 3000. வலப்பக்க எல்லை? அதே 2500. சமக்குறி எந்த வரியில் நிற்கிறது என்பது எல்லையைத் தொடவே தொடாது.

வியாபாரி மனம் மாறி, “முதல் ஐந்து கிலோவுக்கு 600தான், அதற்கு மேல் போகிற பூவுக்கு மட்டும் 500” என்றால் இரண்டாம் வரி 3000 + 500(x − 5) ஆகிறது. இதில் வலப்பக்க எல்லை 3000. இடதும் 3000. எல்லை இருக்கிறது. விலை விகிதம் இப்போதும் மாறத்தான் செய்கிறது, ஆனால் மொத்தப் பணம் குதிக்கவில்லை. ஒரு சார்பை இரண்டு வரியில் எழுதியிருக்கிறார்கள் என்பதாலேயே எல்லை இல்லை என்று முடிவு கட்டுகிறவர்கள் இந்த இரண்டாவது வியாபாரியை நினைவில் வையுங்கள்.

அறிகுறி: இடமும் வலமும் ஒன்றாக வந்தும் ‘எல்லை இல்லை’ என்று எழுதிவிட்டேன்

```
f(x) = 2x + 1 ,  x < 2
     = 9      ,  x = 2
     = x² + 1 ,  x > 2
```

இடது 5, வலது 5. அப்புறம் நடு வரியில் 9 என்று பார்த்ததும் கை தடுமாறி “5 ≠ 9, எனவே எல்லை இல்லை” என்று எழுதிவிடுகிறார்கள். எல்லை 5. அந்த 9 தொடர்ச்சித்தன்மையைக் கெடுக்கிறது, எல்லையைக் கெடுக்கவில்லை. எல்லை, தொடர்ச்சி இரண்டும் ஒரே பாடத்தில் அடுத்தடுத்து வருவதால் வரும் குழப்பம் இது. கேள்வியில் ‘எல்லை’ என்று கேட்டிருந்தால் x = 2 என்ற வரியை விரலால் மறைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். என் மாணவர்கள் நிஜமாகவே விரல் வைத்து மறைக்கிறார்கள்.

அறிகுறி: இரண்டு பக்கமும் ஒரே விடை, புத்தகத்தில் ‘எல்லை இல்லை’

இதுதான் மிக அதிகம். போன வருடம் ஒரு பையன் நோட்டை நீட்டி, “சார், ரெண்டு பக்கமும் ஆறுதான் வருது, புக்குல இல்லைன்னு போட்டிருக்கு, புக்கு தப்பா?” என்றான். கணக்கு இது: x → 3 எனும்போது (x² − 9)/|x − 3|.

அவன் செய்தது: மேலே (x − 3)(x + 3), கீழே x − 3, அடித்தால் x + 3, மூன்று போட்டால் 6. இடப்பக்கத்துக்கும் இதையே இன்னொரு முறை எழுதியிருந்தான். அதாவது இரண்டு பக்கம் பார்த்ததாகத் தலைப்புப் போட்டுவிட்டு ஒரே பக்கத்தை இரண்டு தடவை பார்த்திருக்கிறான்.

மட்டுக்குறி, மாணவர்கள் வாயில் மாடுலஸ், உண்மையில் இரண்டு வரிச் சார்பு. அதை ஒரு சின்னத்துக்குள் மடித்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதனால் முதல் வேலை மடிப்பைப் பிரிப்பது:

```
|x − 3| = x − 3     ,  x ≥ 3
        = −(x − 3)  ,  x < 3
```

பிரித்த பிறகு தவறு செய்வது கடினம். ஆனால் குறியில் இன்னும் சந்தேகம் இருந்தால், நான் h போடச் சொல்வேன். இடப்பக்கத்துக்கு x = 3 − h, இதில் h மிகச் சிறிய மிகை எண். x − 3 = −h. x + 3 = 6 − h. மேலே பெருக்கினால் −h(6 − h). கீழே |−h|, அதாவது h. வகுத்தால் −(6 − h). h பூச்சியத்தை நெருங்க, −6 வருகிறது.

வலப்பக்கத்துக்கு x = 3 + h. மேலே h(6 + h), கீழே h. வகுத்தால் 6 + h, அது 6-க்குப் போகிறது. இடது −6, வலது 6, எல்லை இல்லை. புத்தகம் சரி.

h போடுவதில் ஒரு வசதி, இடமா வலமா என்ற முடிவை முதல் வரியிலேயே எடுத்தாகிவிட்டது. பிறகு குறி தானாக வந்துவிடும். ஆனால் h எப்போதும் மிகை என்பதை மறந்துவிட்டு |−h| = −h என்று எழுதினால் திரும்ப அதே பள்ளத்தில் விழுவீர்கள்.

சரி பார்க்க, 2.99 போடுங்கள். 2.99² = 8.9401. அதிலிருந்து 9 போனால் −0.0599. கீழே 0.01. வகுத்தால் −5.99. 3.01 போட்டால் +6.01. அந்தப் பையனிடம் இந்த இரண்டு எண்ணை மட்டும்தான் போடச் சொன்னேன், மேற்கொண்டு விளக்கவேண்டியிருக்கவில்லை.

இதைக் கற்றதும் அடுத்த வாரம் எதிர்ப்பக்கம் சாய்வார்கள்: மட்டுக்குறியைக் கண்டாலே ‘எல்லை இல்லை’. அதுவும் தப்பு. (x − 3)²/|x − 3| என்பதில் இரண்டு பக்கமும் h²/h, அதாவது h. எல்லை 0. x → 3 எனும்போது |x + 1| இருந்தால் அது உடைவதே −1-இல்தான். மூன்றுக்குப் பக்கத்தில் அது வெறும் x + 1. உள்ளே இருப்பது எந்த இடத்தில் குறி மாறுகிறதோ அங்கே மட்டும்தான் இரண்டு வரி வேண்டும்.

இதே நோய் வர்க்கமூலத்துக்குள்ளும் ஒளிந்திருக்கும், அங்கே கண்டுபிடிப்பது இன்னும் கடினம். போட்டித் தேர்வுப் பயிற்சியில் அடிக்கடி வரும் ஒன்று: x → 0 எனும்போது √(1 − cos 2x)/x. மட்டுக்குறி கண்ணில் படவில்லை. 1 − cos 2x = 2 sin² x என்று மாற்றி, வர்க்கமூலத்தை எடுத்து √2 sin x என்று எழுதி, x-ஆல் வகுத்து √2 என்று விடை சொல்லிவிடுவார்கள். வர்க்கமூலம் ஒருபோதும் குறை எண்ணைத் தராது. ஆகவே √(sin² x) என்பது |sin x|. x பூச்சியத்துக்குச் சற்று இடப்பக்கம் இருக்கும்போது sin x குறை எண். மேலே மிகை, கீழே குறை, விகிதம் −√2-க்குப் போகிறது. வலப்பக்கம் √2. எல்லை இல்லை. வர்க்கமூலத்துக்குள் ஒரு வர்க்கம் கிடந்தால், அதை வெளியே எடுக்கும் அந்த நொடியிலேயே மட்டுக்குறியைப் போட்டுவிடுங்கள். பிறகு போட்டுக்கொள்ளலாம் என்றால் மறந்துபோகும்.

அறிகுறி: கால்குலேட்டரில் பார்த்தால் 1.41 வராமல் 0.0247 வருகிறது

மேலே உள்ள கணக்கை x = 0.1 போட்டுச் சரிபார்த்தபோது ஒரு பெண்ணுக்கு 0.02468 வந்தது. எல்லை பூச்சியம்போல என்று அவள் எழுதிவிட்டாள். கால்குலேட்டர் டிகிரியில் கிடந்தது. நுண்கணிதத்தில் sin, cos எல்லாம் ரேடியனில்தான். ரேடியனுக்கு மாற்றி x = 0.1 என்றால் 1.4119, x = −0.1 என்றால் −1.4119. உங்களுக்கு வந்த எண்ணை 57.3-ஆல் பெருக்கினால் எதிர்பார்த்த விடை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் டிகிரிதான் காரணம். sin x / x போட்டு 1-க்குப் பதிலாக 0.01745 வந்தாலும் இதே கதை.

அறிகுறி: குறை எண்ணுக்குப் பக்கத்தில் போனால் இடமும் வலமும் மாறிப்போகிறது

x → −2 என்று கொடுத்து இடப்பக்கத்தில் ஒரு எண் சொல்லு என்றால் பாதிப் பேர் −1.9 என்கிறார்கள். இரண்டுக்கு இடப்பக்கம் 1.9, அதன்முன்னால் ஒரு கழித்தல் குறி, இப்படித்தான் மனம் போகிறது. எண்கோட்டில் −2-க்கு இடப்பக்கம் இருப்பது −2.1. x = −2 − h என்று எழுதிவிட்டால் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

சாதாரண வரிகளில் இந்தத் தவறு இரண்டு எல்லைகளின் இடத்தை மட்டும் மாற்றும், இறுதி முடிவு தப்பிப் பிழைத்துவிடும். மீப்பெரு முழு எண் சார்பில் இதோடு இன்னொரு தவறும் சேர்ந்துகொள்ளும். ⌊x⌋ என்றால் x-ஐ விட மிகாத முழு எண்களில் மிகப் பெரியது. (பழைய நூல்களில் [x] என்றுதான் இருக்கும். அடியில் மட்டும் மடங்கிய இந்தக் குறியை 1962-இல் கென்னத் ஐவர்சன் கொண்டுவந்தார்.) ⌊1.9⌋ = 1 என்பதை எல்லோரும் சரியாகச் சொல்வார்கள். ⌊−2.1⌋ என்றால் தசமத்தை வெட்டிவிட்டு −2 என்பார்கள். −2 என்பது −2.1-ஐ விடப் பெரியது, எனவே அது ஆகாது. விடை −3. வெட்டுவது வேறு, கீழே இறங்குவது வேறு. மிகை எண்ணில் இரண்டும் ஒன்றாகத் தெரிவதால் வந்த வினை.

ஆகவே ⌊x⌋-க்கு x → −2 எனும்போது இடது −3, வலது −2. ஒவ்வொரு முழு எண்ணிலும் இப்படி ஒரு படி ஏறும், அங்கெல்லாம் எல்லை இல்லை. 2.5 மாதிரி இடத்தில் இரண்டு பக்கமும் 2தான். அங்கே எல்லை ஒழுங்காக இருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. x → 2 எனும்போது ⌊x⌋ + ⌊−x⌋. “முதலாவதுக்கும் எல்லை இல்லை, இரண்டாவதுக்கும் இல்லை, கூட்டினால் மட்டும் எங்கிருந்து வரும்?” என்று கேட்பார்கள். இடப்பக்கம் 1.9 போடுங்கள்: ⌊1.9⌋ = 1, ⌊−1.9⌋ = −2, கூட்டினால் −1. வலப்பக்கம் 2.1 போடுங்கள்: 2, −3, கூட்டினால் −1. எல்லை −1. x = 2-இலேயே போட்டால் 2 − 2 = 0, அது வேறு விஷயம். ஒன்று ஒரு படி ஏறும் அதே இடத்தில் மற்றது ஒரு படி இறங்குகிறது. கூட்டல் விதி சொல்வது, இரண்டுக்கும் எல்லை இருந்தால் கூட்டலுக்கும் இருக்கும் என்பதை மட்டும்தான். இரண்டுக்கும் இல்லாதபோது அந்த விதி வாயே திறப்பதில்லை. அப்போது முழுச் சார்பையும் சேர்த்து வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அறிகுறி: ஒரு பக்கம் போக வழியே இல்லை, அல்லது இரண்டு பக்கமும் முடிவிலி

1/(x − 2)² என்பதில் இரண்டு பக்கமும் எல்லையின்றி ஏறுகிறது. இரண்டும் சமம்தானே, எல்லை உண்டு என்று எழுதாதீர்கள். முடிவிலி ஒரு மெய்யெண் அல்ல. ∞ என்று எழுதுவது அது எப்படி ஏறுகிறது என்று சொல்வதற்கு. எல்லை இருக்கிறதா என்று கேட்டால் இல்லை.

x → 2 எனும்போது √(x − 2): இடப்பக்கம் சார்பே இல்லை. பள்ளிக் கணக்கில் இருபுறமும் சார்பு வரையறுக்கப்பட்டிருக்கவேண்டும் என்று எடுத்துக்கொண்டு ‘எல்லை இல்லை, வலப்பக்க எல்லை மட்டும் 0’ என்று எழுதுங்கள். கல்லூரிக்குப் போனால் சார்பகத்துக்குள் இருக்கும் புள்ளிகளை மட்டும் பார்க்கும் வரையறை வரும், அதில் எல்லை 0 என்பார்கள். வரையறை வேறு, அதனால் விடை வேறு.

அறிகுறி: k கண்டுபிடித்தேன், பொருத்திப் பார்த்தால் இரண்டு பக்கமும் சேரவில்லை

```
f(x) = kx + 1 ,  x < 2
     = 5      ,  x = 2
     = x² + k ,  x > 2
```

x → 2 எனும்போது எல்லை இருக்கவேண்டுமானால் k என்ன? நோட்டில் இருந்தது: 2k + 1 = 5, k = 2. திருப்பிப் போட்டுப் பார்த்தால் இடது 5, வலது 6. சேரவில்லை. சிலர் வலது பக்கத்தைப் பிடித்து 4 + k = 5, k = 1 என்று போடுவார்கள்; அப்போது இடது 3, வலது 5.

நடு வரியை விரலால் மறைத்துவிட்டுப் பாருங்கள். இடது 2k + 1, வலது 4 + k. இரண்டையும் ஒன்றுக்கொன்று சமப்படுத்தினால் k = 3. இடது 7, வலது 7, எல்லை 7.

இதே கேள்வியில் ‘தொடர்ச்சியாக இருக்க k என்ன’ என்று கேட்டிருந்தால் அந்த 5-க்கு வேலை வருகிறது. இரண்டு பக்கமும் சேர k = 3 ஆகவேண்டும், சேருமிடம் 7, நடுவில் இருப்பது 5. எந்த k-க்கும் அது தொடர்ச்சியாகாது. அதை அப்படியே எழுதுங்கள்; ஏதோ ஒரு k வந்தே ஆகவேண்டும் என்று நினைத்துத்தான் அந்த 2k + 1 = 5 என்ற வரியே பிறக்கிறது.